ஓரத்தில் எழுதாத சொல்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் புனிதவதியின் வீட்டைக் கண்டுபிடிக்க எண் வேண்டியதில்லை. சன்னலோரம் ஒரு பெண் தலை குனிந்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் காகிதத்தைக் கீறிக்கொண்டிருந்தால் அதுதான் வீடு. அக்கம்பக்கத்தார் அவளைப் பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்றே நினைத்திருந்தார்கள். அவளும் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அச்சாகப் போகும் புத்தகத்தில் பிழை பார்க்கிறேன் என்றால், "அப்ப மார்க் போடுவீங்களா?" என்று கேட்டார்கள். பிறகு அவள் விளக்குவதை விட்டுவிட்டாள்.

அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். தகப்பன் அங்கே ஒரு மிஷன் அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்த்தவர். அவர் திருத்த, மூலப்பிரதியை இவள் உரக்க வாசிப்பாள். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து வாசிக்க வேண்டும். அப்படி வாசித்து, அவர் திருத்துவதைப் பார்த்துப் பார்த்தே திருத்தக் குறிகள் அத்தனையும் அவளுக்குள் படிந்துவிட்டன. ரயில்வே கிளார்க் சிவசம்புவைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தபோது கொண்டுவந்த சீதனத்தில் அதுவும் ஒன்று. ஆனால் அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வேலை கிடைத்ததே ஒரு வேடிக்கை. கிள்ளானில் அச்சான கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்று வீட்டுக்கு வந்தது. பிழையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இராது. வரிக்குள் ஒரு கீறல், ஓரத்தில் அதற்குரிய குறி என்று முழுதும் திருத்தி, அச்சகத்துக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டாள். வேறு முதலாளியாக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். இந்த முதலாளி அய்யாவு அதை எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். "இத யாரும்மா செஞ்சது? எங்க கம்பாசிட்டர் பக்கிரிசாமி கண்ணுல ஒத்திக்கிறான். ஒரு வார்த்தை கேக்காம மொத்தத்தையும் சரி பண்ணிட்டான்" என்றார். அன்று தொடங்கி, கிள்ளான் அச்சகத்தின் புரூஃப் கட்டுகள் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பின. ஸ்டேஷன் போர்ட்டர் பழனியப்பன் அந்த ரயில்களிலேயே போய்வந்து, கட்டைக் கொடுத்து வாங்கிப் போவான்.

எழுத்துக் கோப்பவன், அதாவது கம்பாசிட்டர், திருத்தி வந்த புரூஃபைக் கதை படிப்பது போலப் படிக்க மாட்டான். அவன் கண் ஓரத்தில்தான் மேலிருந்து கீழே இறங்கும். ஓரத்தில் குறி இருந்தால் அந்த வரிக்குள் போவான். இல்லாவிட்டால் அந்த வரி அவனுக்குச் சுத்தம். ஆகவே ஒவ்வொரு திருத்தமும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். விட்டுப்போன சொல்லுக்கு வரிக்குள் ஒரு சின்னக் கூரை, ஓரத்தில் அந்தச் சொல். எடுக்க வேண்டியதற்கு வரிக்குள் குறுக்குக் கோடு, ஓரத்தில் வால் வைத்த சுழி. ஒரே வரியில் இரண்டு திருத்தம் என்றால் ஓரத்தில் நடுவே சாய்கோடு. கம்பாசிட்டருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதை வட்டமிட்டு எழுத வேண்டும். வட்டமில்லாமல் எழுதினால் அவன் அதையும் கோத்து அச்சில் ஏற்றிவிடுவான், அவன்மேல் குற்றமில்லை.

இன்னொன்றும் உண்டு. அடித்த வரியை, வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று மீட்க நினைத்தால், வரிக்குக் கீழே புள்ளிகள் வைக்க வேண்டும். ஓரத்திலுள்ள சுழியை அடித்துவிட வேண்டும். பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதி வட்டமிட வேண்டும். மூன்றும் செய்தால்தான் வரி உயிர்பிழைக்கும்.

இதில்தான் புனிதவதிக்கும் பக்கிரிசாமிக்கும் ஒரு சொந்த வழக்கம் ஏற்பட்டுப் போயிற்று. அய்யாவு காகிதத்தைச் சிக்கனமாக வெட்டுகிறவர். புரூஃபில் ஓரமே இராது. ஒருமுறை இடமில்லாமல் புள்ளி மட்டும் வைத்து அனுப்பினாள். பக்கிரிசாமி புரிந்துகொண்டு வரியை விட்டுவைத்தான். 'புள்ளி போதும்மா, நான் பாத்துக்கிடுவேன்' என்று பழனியப்பனிடம் சொல்லியும் அனுப்பினான். அதன் பிறகு அவள் மற்ற இரண்டையும் செய்வதே இல்லை. அவனை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் இத்தனை மைலுக்கு அப்பால் தன் பாதிச் சொல்லைக் கேட்டு முழுதும் புரிந்துகொள்ள ஒருவன் இருக்கிறான் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம். கர்வம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நல்ல பெயர் கொடுக்க முடியாது.

அந்த வருஷம் வந்த வேலை ஒரு மருத்துவக் கையேடு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பாலன் எழுதியது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் டிரெஸ்ஸர் வரும்வரை என்ன செய்வது என்று கங்காணிக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்லும் சின்னப் புத்தகம். அச்சகத்தில் ஈய எழுத்து கொஞ்சம்தான். நான்கு பக்கம் கோத்தால் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரத்துக்கு மேல் எழுத்து போதாது; ஒன்றை அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்துக் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்தது.

சனிக்கிழமை பாலன் தானே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்துவிட்டான். மேசையில் இரண்டு ஃபாரங்களின் புரூஃப். ஒன்று கொசுவைப் பற்றியது, மற்றது காய்ச்சல் பற்றியது. மனுஷன் நிலைகொள்ளாதவன்.

"அம்மா, இந்த வரி வேணாம். பின்னால பிள்ளைங்க அத்தியாயத்துல மறுபடி வருது."

புனிதவதி அடித்து, ஓரத்தில் சுழி போட்டாள். அவன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"இருக்கட்டும்மா. ஒருத்தன் காய்ச்சல் பக்கத்த மட்டும் தொறந்து பாத்தா? இருந்துட்டுப் போகட்டும்."

இப்படியே கொசு ஃபாரத்திலும் ஒரு வரியை அடிக்கச் சொன்னான், பிறகு அடிக்க வேண்டாமென்றான். அவள் சலிப்போடு இரண்டு வரிகளுக்கும் கீழே புள்ளி வைத்தாள். கொசு ஃபாரத்தில் திருத்தம் மலிந்திருந்ததால் 'மறுபடியும் புரூஃப் வேண்டும்' என்று தலையில் எழுதி வட்டமிட்டாள். காய்ச்சல் ஃபாரத்தில் அதிகமில்லை. அதன் தலையில் 'திருத்திவிட்டு அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாலை ரயிலில் இரண்டும் போயின.

திங்கள் காலை பழனியப்பன் கட்டைக் கொடுத்துவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு நின்றான். புனிதவதி கட்டைப் பிரித்தாள். கொசு ஃபாரத்தின் புதுப் புரூஃப். கண்ணை ஓட்டினாள். திருத்தமெல்லாம் சுத்தமாக, பக்கிரிசாமியைவிடவும் சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தது. மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது. புள்ளி வைத்து மீட்ட வரியைக் காணோம். மேலும் கீழும் பார்த்தாள். இல்லை.

"பழனியப்பன், அச்சகத்தில பக்கிரிசாமி நிக்கிறாரோ?"

"அவரு வெள்ளிக்கிழமையே பந்திங் போயிட்டாருல்ல. தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையாம். இப்ப சின்னையான்னு மெட்ராஸ்காரு ஒருத்தரு. ரொம்ப சுறுசுறுப்பு லா. சனிக்கிழமை புரூஃபு போய்ச் சேர்ந்த ஒடனே உக்காந்துட்டாரு. காய்ச்சல் ஃபாரம் இன்னிக்குக் காலையில மிஷின் ஏறுதாம்."

புனிதவதி கட்டை மேசையில் போட்டாள். காய்ச்சல் பக்கத்தில் அவள் அடித்த வரி எதுவென்று மனம் தானாக ஒப்பித்தது. 'பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு கொயினா வில்லை. சிறு பிள்ளைகளுக்கு அரை வில்லைக்கு மேல் எக்காரணம் கொண்டும் கொடுக்கலாகாது. மூன்று வேளையும் கொடுக்கவும். வீட்டில் காய்ச்சல் கண்ட அனைவருக்கும் இவ்வாறே.' நடுவிலுள்ள வரியை எடுத்துவிட்டால் மீதி எவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறது! படிக்கிறவனுக்கு எங்கும் இடறாது. கைக்குழந்தைக்கு இரண்டு வில்லை கொடுப்பான்.

அச்சகத்தில் டெலிபோன் இல்லை. தந்தி கொடுக்கலாம், ஆனால் கிள்ளானில் தந்திக்காரன் சைக்கிளை எடுப்பதற்குள் ஃபாரம் அடித்து முடிந்துவிடும். அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்து, செருப்பு மாட்டி, கணவனுக்குச் சொல்லியனுப்பக்கூட நிற்காமல் பழனியப்பனோடு ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயில்வேக்காரன் பெண்டாட்டி என்பதால் பாஸ் இருந்தது. ரயில் நகரத் தொடங்கியபோது அவளைப் பழனியப்பன் கிட்டத்தட்டத் தூக்கித்தான் ஏற்றினான்.

அந்தப் பயணத்தை அவள் பின்னாளில் யாரிடமும் விவரித்ததில்லை. பத்து திகா ஸ்டேஷனில் எதிர்வண்டிக்காக ரயிலை நிறுத்திவைத்தார்கள். எதிரே இருந்த சீனக் கிழவர் கோழிக்கூடையை மடியில் வைத்துத் தூங்கினார். புனிதவதியின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும் சத்தம் அவளுக்கு இங்கேயே கேட்டது. ஒவ்வொரு தாளும் ஒரு லயத்துக்குப் போகும். ஒவ்வொரு லயத்திலும் பிள்ளைகள் இருக்கும். 'இருக்கட்டும்' என்று ஒரு சொல் எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பாலன் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் எழுதியிருக்கலாமே! தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கிள்ளானில் இறங்கி, விசாரித்து, வெயிலில் ஓட்டமும் நடையுமாக அச்சகத்துக்குள் நுழைந்தாள். டிரெடில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்காரன் காலால் மிதித்து, ஒரு கையால் தாளை வைத்து மறு கையால் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அடித்த தாள்கள் இடுப்புயரம் இருந்தன.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

மெஷின் நின்றது. அய்யாவு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தார். இந்த அம்மாளை அவர் அச்சகத்தில் பார்ப்பது இதுவே முதல் தடவை. அவள் ஒரு தாளை உருவினாள். மை இன்னும் காயவில்லை. அவள் நினைத்தபடியே வரியைக் காணோம். மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"பிள்ளையளின்ர அளவு விட்டுப்போச்சு. இதைப் பார்த்து மருந்து குடுத்தால் பிள்ளை செத்துப்போகும்."

அய்யாவுக்கு முகம் கறுத்தது. தாளை வாங்கிப் பார்த்தார். கேஸுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மெலிந்த மனிதரைக் கண்டதும் வெடித்தார்.

"சின்னையா! என்னய்யா, ஒரு வரிய அப்படியே முழுங்கிட்டியே! பக்கிரிசாமி இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு செஞ்சதில்ல. அம்மா, அந்த புரூஃபு அவன் கேஸு பக்கத்துல ஆணியில கெடக்கும், எடுத்துட்டு வாங்க. இவன வச்சுக்கிட்டுக் காட்டுறேன்."

புனிதவதி எழுத்துக் கேஸுகளின் பின்னால் போனாள். ஆணியில் அவளுடைய புரூஃப். கழற்றிப் பார்த்தாள். வரியின் கீழே புள்ளிகள், மங்கலாக. ஓரத்தில் சுழி, அழுத்தமாக, அழகாக, யாரும் அடிக்காமல். அதன் பக்கத்தில், ஆச்சரியம்தான், கொஞ்சம் வெற்றிடம் இருந்தது.

மரத்தட்டிக்கு அப்பால் அய்யாவின் குரல் கேட்டது. "இன்னிக்கே கணக்க முடிச்சிட்டுக் கெளம்பு."

"மொதலாளி, ஓரத்துல எடுக்கச் சொல்லிக் குறி இருந்துச்சு, எடுத்தேன். இத விட்டா எனக்கு இங்க வேற யாரையும் தெரியாது."

அவள் பையில் சிவப்புப் பென்சில் இருந்தது. எப்போதும் இருக்கும். அதே பென்சில், அதே கை. சுழிமேல் ஒரு கோடு, பக்கத்தில் 'இருக்கட்டும்', சுற்றி ஒரு வட்டம். கண் இமைக்கும் நேரம். புதிதாக வந்தவன் கவனிக்கவில்லை என்று போய்விடும். இல்லாவிட்டால்? இந்த வேலை போய்விடும். வீட்டில் அவளுடையது என்று சொல்ல இந்த மேசையும் இந்தக் கட்டும்தான். ரயில்வே கிளார்க் மனைவி என்றில்லாமல், அவளே யாரோ ஒருத்தியாக இருந்தது அந்தக் காலை ரயில் வந்தபோதுதான். 

பென்சில் முனை காகிதத்தைத் தொட்டது. ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் தகப்பன் முன்னால் நிற்பது போல ஒன்றும் தோன்றவில்லை. அப்படியெல்லாம் தோன்றியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சின்னையா சரியாகப் படித்தார், நான் தப்பாக எழுதினேன் என்பது மட்டும் அசைக்க முடியாமல் நின்றது. பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

புரூஃபைக் கொண்டுவந்து, ஃபாரம் இறுக்கும் கல்மேசையில் எல்லோரும் பார்க்க விரித்தாள்.

"அவரை ஒண்டும் சொல்லாதேங்கோ. ஓரத்தில எடு எண்டு நான்தான் போட்டிருக்கிறன். அந்தச் சுழியைப் பிறகு அடிக்கேல்லை. இருக்கட்டும் எண்டும் எழுதேல்லை. வெறும் புள்ளி. பக்கிரிசாமிக்குத்தான் அது விளங்கும். முறையாப் படிச்ச ஆளுக்கு விளங்காது, விளங்கவும் கூடாது. என்ர பிழை."

சின்னையா அவளை நிமிர்ந்து பார்த்தார். நன்றி சொல்லவில்லை. ஓரத்தில் கிடந்த அந்தத் தனிச் சிவப்புப் புள்ளியையும் பார்த்தார். அது எதற்கான குறி என்று கேட்கவுமில்லை. அவள் முகம்தான் எரிந்தது.

அய்யாவு அடித்த தாள்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. கடைசிப் பக்கத்துல பிழை திருத்தம்னு ஒரு துண்டு ஒட்டிடுவோம்."

"கூடாது."

"அம்மா, காயிதம் முழுக்க வீணாயிடும்!"

"காய்ச்சல்காரன் வீட்டில கடைசிப் பக்கத்தை ஆர் பிரிப்பினம்? 'அச்சிடலாம்' எண்டு கையெழுத்துப் போட்டது நான். அதை நான் திருப்பி எடுக்கிறன்."

சொன்னபடியே புரூஃபின் தலையில் தன் உத்தரவைக் கோடிட்டு அடித்தாள். 'மறுபடியும் புரூஃப் வேண்டும்' என்று எழுதி வட்டமிட்டாள். பிறகு அச்சான தாள் ஒன்றை எடுத்து, இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே கூரை போட்டு, ஓரத்தில் விட்டுப்போன வரியை முழுதாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிய எழுதினாள். அய்யாவு அந்த வரியைப் படித்தார். பிள்ளைகுட்டிக்காரர். மெஷின்காரனைப் பார்த்துக் கையசைத்தார். அடித்த தாள்களை அவரே நடுவில் கிழிக்கத் தொடங்கினார், ஒவ்வொரு கத்தையையும் யாரையோ திட்டுவது போல.

சின்னையா ஃபாரத்தைத் தளர்த்தி, வரியைக் கோத்துச் சேர்த்து, புதுப் புரூஃப் எடுத்துத் தந்தார். புனிதவதி அதைக் கல்மேசையருகே நின்றபடியே உரக்க வாசித்தாள், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து. அரை வில்லை என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தாள். வரி இருந்தது. கையெழுத்துப் போட்டாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியபின்தான் அவளுக்கு உட்கார நாற்காலி வேண்டியிருந்தது.

புறப்படும்போது அய்யாவு வாசல்வரை வந்தார். கோபம் ஆறியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இனிமே புரூஃபெல்லாம் கந்தப்பு மாஸ்டர்கிட்ட அனுப்பிக்கிறேன். அவரு உள்ளூரு. கூப்பிட்டா வந்துருவாரு."

"ஓம், சரி" என்றாள். 

அதன்பின் காலை ரயில் அவள் வீட்டைத் தாண்டிப் போயிற்று. பழனியப்பன் வாசலைக் கடக்கும்போது கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவான். சிவசம்பு ஏதேதோ ஆறுதல் சொன்னார். அவள் மேசையைத் துடைத்தாள், பென்சிலைச் சீவினாள், மறுபடி துடைத்தாள். கையேடு அச்சாகி ஒரு பிரதி பாலனிடமிருந்து வந்தது. காய்ச்சல் பக்கத்தைத் திறந்து அந்த வரியைத் தொட்டுப் பார்த்து மூடிவைத்தாள். அழுதாள். அழுதால் என்ன, யார் பார்க்கிறார்கள்?

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் பழனியப்பன் வாசலில் நின்று ஒரு கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இது யாருக்குன்னு வெளங்கல. ஒங்க பேரு எழுதி அடிச்சிருக்கு. அதுக்கு மேல கந்தப்பு மாஸ்டர் பேரு எழுதி அதையும் அடிச்சிருக்கு. கீழ என்னமோ பொட்டுப் பொட்டா வச்சிருக்கு. கிள்ளான்ல கேட்டா மொதலாளியும் சின்னையாவும் சிரிக்கிறாங்க. அந்த அம்மாட்ட காட்டு, படிப்பாங்கன்னுட்டாங்க."

புனிதவதி வாங்கிப் பார்த்தாள். 'திருமதி சிவசம்பு புனிதவதி, பிரிக்ஃபீல்ட்ஸ்' என்பதன் குறுக்கே ஒரு கோடு. அதன் கீழே ஓர் எழுத்தும் விடாமல் புள்ளிகள். ஓரத்தில் வால் வைத்த ஒரு சுழி, அதன்மேல் அழுத்தமாக ஒரு கோடு. அதன் பக்கத்தில் அய்யாவின் ஊதாப் பென்சிலில், வட்டத்துக்குள், 'இருக்கட்டும்'.

ஒன்றும் விட்டுப்போகவில்லை. மூன்றும் இருந்தன.

"எனக்குத்தான்" என்றாள் புனிதவதி. கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனவள், பழனியப்பனுக்குச் சுண்ணாம்பு கொடுக்க மறந்துபோனாள்.